நெட் நின்றுபோனால்: அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நெட் நின்றுபோனால் என்ன பார்க்க வேண்டும், எதைத் தொட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்புகிறேன். டிவி மேசை டிராயரில், கரண்ட் பில் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்.

போனில் எத்தனை தடவை சொன்னாலும் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம் இருக்கிறது. நீ வாட்ஸ்அப்பில் அழைக்கிறாய். அந்தப் பேச்சே ரூட்டர் வழியாகத்தான் வருகிறது. "இப்போது அணை" என்று நான் சொல்ல, நீ அணைக்க, நம் பேச்சும் அதோடு அறுந்துவிடுகிறது. ஆகவே ரூட்டர் விஷயமாகப் பேசுவதென்றால் சாதாரண போன் அழைப்பில் கூப்பிடு. அதற்கு நெட் தேவையில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிவியில் நீ பார்க்கும் சீரியல் கூரை மேல் இருக்கும் டிஷ்ஷிலிருந்து வருகிறது. ரூட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நெட் போனால் யூடியூபும் என் வீடியோ காலும்தான் நிற்கும். சீரியல் நின்றால் ரூட்டரை அணைத்துப் பயனில்லை.

நெட் வரவில்லை என்றதும் உன் கை நேராக சுவிட்சுக்குப் போகிறது. அதற்கு முன் அரை நிமிடம் ரூட்டர் பெட்டியின் முகத்தைப் பார். கோளாறு எங்கே என்பதை அந்த விளக்குகளே சொல்லிவிடும். அணைத்துவிட்டால் அந்தத் தகவலும் போய்விடும். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கிட்டே போய்ப் பார். எழுத்துகள் கடுகளவுதான் இருக்கின்றன. பஸ் போர்டு படிக்கிற அளவு ஆங்கிலம் இதற்குத் தாராளமாகப் போதும்.

நம் வீட்டுப் பெட்டியில் இடமிருந்து வலமாக இருப்பவை இவை: POWER, PON, LOS, INTERNET, WLAN. அதற்கப்புறம் LAN என்று எண் போட்டுச் சிலவும், TEL என்று ஒன்றும் இருக்கும். அந்தக் கடைசிக் கூட்டத்தை மறந்துவிடு. கம்ப்யூட்டரையோ பழைய மாதிரி டெலிபோனையோ கம்பி போட்டு மாட்டினால்தான் அவை எரியும். நம் வீட்டில் இரண்டும் இல்லாததால் அவை எப்போதும் இருட்டாகவே இருக்கும். அது கோளாறு இல்லை.

எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் POWER பச்சையாக, அசையாமல் எரியும். PON விளக்கும் அப்படித்தான். LOS எரியவே கூடாது. INTERNET பச்சையாக இருக்கும். சில சமயம் படபடவென்று துடிக்கும். WLAN என்பதுதான் வைஃபை, அதுவும் துடிக்கும். இந்தத் துடிப்பைப் பார்த்துத்தான் "என்னமோ மினுக் மினுக்கென்கிறது" என்று நீ பயப்படுகிறாய். அந்த இரண்டும் துடிப்பது நல்லதுதான். படமோ பேச்சோ போய் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். PON, LOS இரண்டும் துடிக்கக் கூடாது. நெட் நன்றாக ஓடும் ஒரு நாளில், சும்மா இருக்கும்போது ஒரு தடவை நின்று பார்த்து வைத்துக்கொள். சரியான முகம் தெரிந்தால்தான் கோணல் முகம் கண்ணில் படும்.

இனி கோளாறுகளுக்கு வருகிறேன். ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் பெட்டிக்குக் கரண்ட் வரவில்லை. கரண்ட் போயிருக்கிறதா என்பதை மின்விசிறியை வைத்து முடிவு செய்யாதே. மின்விசிறி இன்வெர்ட்டரில் ஓடுகிறது; டிவி மேசைப் பக்கத்துச் சுவிட்சுப் பலகைக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கிடையாது. கரண்ட் போன சமயத்தில் விசிறி சுற்றும், ரூட்டர் செத்துக் கிடக்கும். அப்போது செய்ய ஒன்றுமில்லை. கரண்ட் வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறு; அதுவே எழுந்து கொள்ளும். கரண்ட் இருந்தும் விளக்கு இல்லை என்றால் கறுப்பு அடாப்டரை நன்றாக அழுத்தி, பெட்டியின் பின்னால் செருகியிருக்கும் முனையையும் அழுத்திப் பார். பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது நழுவுவது உண்டு.

LOS சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, தெருவிலிருந்து வரும் ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை. அந்த மெல்லிய மஞ்சள் வயர் இருக்கிறதே, அதற்குள்ளே செம்புக் கம்பி கிடையாது. தலைமுடி பருமனுக்கு ஒரு கண்ணாடி இழை ஓடுகிறது. அதில் கரண்டுக்குப் பதில் ஒளி வருகிறது. சுண்டி மடக்கினால் உள்ளே ஒடிந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் சிவப்பைப் பார்த்ததும் சுவிட்சை விட்டுவிட்டு அந்த வயரைப் பார். பீரோ நகர்ந்து அதை நசுக்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, எங்காவது முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும். இழுக்காதே, பிடுங்காதே. பச்சைத் தலை போட்ட அதன் முனை எப்போதாவது கழன்று வந்துவிட்டால் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதே. அதிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு நல்லதில்லை.

LOS சிவப்பாக இருக்கும்போது பெட்டியை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் நெட் வராது. தெருவில் எங்கேயோ பள்ளம் தோண்டியிருப்பார்கள், அல்லது லாரி உரசிக் கம்பத்து வயர் அறுந்திருக்கும். நேராக நெட் ஆபீசுக்குப் போன் செய். "நெட் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். "எல்ஓஎஸ் சிவப்பாக எரிகிறது, ஆள் அனுப்புங்கள்" என்று சொல். இந்த ஒரு வாக்கியத்துக்கு அங்கே தனி மரியாதை உண்டு. வாடிக்கையாளர் எண் கேட்டால் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், அதைப் படித்துக் காட்டு. போனில் ஓடிபி கேட்டாலோ, ஏதாவது செயலியைப் போடச் சொன்னாலோ பேசாமல் வைத்துவிடு. வயரை ஒட்டுவதற்கு யாருக்கும் உன் ஓடிபி வேண்டாம்.

PON விட்டு விட்டு மினுக்கினால் பெட்டி இன்னும் எதிர்முனையோடு சேர முயன்றுகொண்டிருக்கிறது. கரண்ட் வந்த புதிதில் அப்படித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால், கீழே சொல்கிறபடி ஒருமுறை அணைத்துப் போடு. அதற்கும் மசியாவிட்டால் ஆபீசுக்குச் சொல்.

POWER, PON இரண்டும் பச்சை, LOS இருட்டு, ஆனால் INTERNET மட்டும் எரியவில்லை அல்லது சிவப்பாக இருக்கிறது என்றால் வயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் ஒருமுறை அணைத்துப் போடு. வராவிட்டால் என்னைக் கூப்பிடு. ரீசார்ஜ் முடிந்திருக்கிறதா என்பதை நான் இங்கிருந்தே பார்த்துக் கட்டிவிடுவேன்.

எல்லா விளக்கும் ஒழுங்காக இருந்தும் போனில் மட்டும் வரவில்லையா? பெட்டியின் மேல் குற்றம் இல்லை. போனின் மேல் ஓரத்திலிருந்து விரலால் கீழே இழுத்தால் விசிறி மாதிரி ஒரு படம் வரும். அது மங்கியிருந்தால் ஒருமுறை தொடு. குட்டி விமானப் படம் ஒளிர்ந்தால் அதைத் தொட்டு அணைத்துவிடு. சமையலறையில் மட்டும் படம் சுற்றிக்கொண்டே நின்றால் காரணம் சுவர். Thulasi, Thulasi_5G என்று இரண்டு பெயர் போனில் தெரியும். இரண்டாவது வேகம் அதிகம், ஆனால் நம் பழைய வீட்டுச் சுவரைத் தாண்டத் திராணி கிடையாது. உள்கட்டில் இருக்கும்போது வெறும் Thulasi போதும்.

இப்போது முறையாக அணைத்துப் போடுவதற்கு வருவோம். சுவிட்சுப் பலகையில் மூன்றாவது சுவிட்சின் பக்கத்தில் உன் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். அதுதான் ரூட்டர் சுவிட்சு. முதல் இரண்டும் டிவிக்கும் டிஷ் பெட்டிக்கும் உரியவை. பொட்டு வைத்த சுவிட்சை அணை. பெட்டியின் விளக்கு அத்தனையும் போய்விட்டதா என்று பார். உடனே போட்டுவிடாதே. உள்ளே கொஞ்சம் கரண்ட் தேங்கியிருக்கும். அது வடியாமல் போட்டால் அணைத்ததற்கே பலன் இல்லாமல் போகலாம். நிதானமாக முப்பது வரை எண்ணு. அல்லது அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துவிட்டு வா. பிறகு போடு.

முதலில் POWER எரியும். அடுத்து எல்லாம் கன்னாபின்னாவென்று மினுக்கும். LOS கூடக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கலாம், பதறாதே. PON மினுக்கி மினுக்கி நிலைக்கு வரும். கடைசியாக INTERNET எரியும், வைஃபையும் வந்துவிடும். இதற்கு மூன்று நிமிடம் முதல் ஐந்து நிமிடம் வரை ஆகும். பாதியில் பொறுமை இழந்து மறுபடி அணைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நீ அவசரப்படுவது இந்த இடத்தில்தான் அம்மா. இட்லியை வேகவிடுகிறாயே, அந்த நேரத்தில் பாதியாவது இதற்கும் கொடு.

ஒருமுறை செய்தால் போதும். அதற்கும் வரவில்லை என்றால் மறுபடி மறுபடி செய்வதால் வரப்போவதில்லை. தினமும் அணைத்துப் போட வேண்டியிருக்கிறது என்றால் என்னிடம் சொல். அடாப்டரோ பெட்டியோ மாற்ற வேண்டியிருக்கும்.

பெட்டியின் பின்னால் RESET என்று எழுதி ஊசி நுழைகிற அளவில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதற்குள் ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி எதுவும் போகக் கூடாது. எதிர்வீட்டுப் பையன் "நான் சரி பண்ணுகிறேன் பாட்டி" என்று வந்தாலும் விடாதே. அது அணைத்துப் போடுவது இல்லை. பெட்டிக்குள் எழுதி வைத்த எல்லாவற்றையும் அழித்துவிடும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் போய், ஆபீஸ் ஆள் வந்து திரும்பப் போடும் வரை காத்திருக்க வேண்டும்.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் பூவேலைத் துணியை எடுத்துவிடு. தூசி படாமல் இருக்க வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறாய், தெரியும். ஆனால் பெட்டி இரவும் பகலும் சூடாகவே இருக்கிறது. அந்தச் சூடு மேலேயும் பக்கத்திலேயும் இருக்கும் கீறல்கள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை அணைத்துவிட்டு உலர்ந்த துணியால் துடை. ஈரத்துணி வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் வருவதுபோல் இருந்தால் முன்கூட்டியே சுவிட்சை அணைத்து அடாப்டரையும் கழற்றி வைத்துவிடு. கண்ணாடி இழையில் மின்னல் பாயாது, கரண்ட் லைனில் பாயும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சாதாரண போனில் கூப்பிடுகிறேன். இந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார். என்னென்ன விளக்கு எரிகிறது என்று இடமிருந்து நீ படித்துச் சொல்ல வேண்டும். பிறகு நான் பேசிக்கொண்டே இருக்க, பொட்டு வைத்த சுவிட்சை நீயே ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.

அன்புடன்,
ரவி