வரைபடத்தின் இடது ஓரம் சுழி அல்ல

தம்பி,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. கீழ் ஓரத்தில் உன் கட்டைவிரலின் நிழலும் விழுந்திருக்கிறது. அந்த நிழலுக்குள்தான் இந்தக் கணக்கின் முக்கியமான எண் ஒளிந்திருக்கிறது. முதலில் படத்தில் உள்ளதை எழுத்தில் வைத்துக்கொள்வோம்.

கணக்கு: ஓர் உலோகப் பரப்பின் மீது வெவ்வேறு அதிர்வெண் கொண்ட ஒளி விழுகிறது. நிறுத்து மின்னழுத்தம் V₀ நெட்டச்சிலும் (வோல்ட்டில்), அதிர்வெண் f கிடையச்சிலும் (10¹⁴ ஹெர்ட்ஸில்) குறிக்கப்பட்டுள்ளன. வரைபடத்திலிருந்து (அ) பயன்தொடக்க அதிர்வெண், (ஆ) பிளாங்க் மாறிலி, (இ) உலோகத்தின் வெளியேற்று ஆற்றல் ஆகியவற்றைக் காண்க. (ஈ) 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி விழும்போது எலக்ட்ரான்களின் பெரும இயக்க ஆற்றலையும் பெரும வேகத்தையும் காண்க. (உ) அதே ஒளியின் செறிவை இரு மடங்காக்கினால் என்ன மாறும்? (ஊ) வெளியேற்று ஆற்றல் 3.2 எலக்ட்ரான் வோல்ட் உள்ள வேறோர் உலோகத்துக்கான கோட்டை அதே வரைபடத்தில் வரைக.

கிடையச்சு 4-இல் தொடங்கி 12-இல் முடிகிறது. ஒரு பெரிய கட்டம் 1 × 10¹⁴ ஹெர்ட்ஸ்; அதற்குள் ஐந்து சிறு கட்டங்கள், ஆகவே சிறு கட்டம் ஒன்று 0.2. நெட்டச்சில் பெரிய கட்டம் 0.5 வோல்ட், சிறு கட்டம் 0.1 வோல்ட். கணக்கைத் தொடுமுன் இவ்வளவையும் தாளின் மூலையில் எழுதி வைத்துக்கொள். இன்னொன்று: படத்தின் மேல் அளவுகோல் வைத்து அளந்திருக்கிறாய். சாய்ந்த படத்தில் ஒரு சென்டிமீட்டர் எல்லா இடத்திலும் ஒரே அளவைக் குறிக்காது. கட்டங்களை எண்ணு, பக்கம் எப்படிச் சாய்ந்தாலும் கோடும் கட்டமும் சேர்ந்தே சாயும்.

(அ) கோடு கிடையச்சை வெட்டும் இடம் 5-ஐத் தாண்டி மூன்றாவது சிறு கோடு. ஆகவே

f₀ = 5.6 × 10¹⁴ Hz

இதை நீ சரியாகவே எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் நிறுத்து மின்னழுத்தம் சுழி. எலக்ட்ரான் வெளியே வருகிறது, ஆனால் கையில் மிச்சம் ஏதுமில்லாமல் வருகிறது. அதற்குக் கீழே உள்ள அதிர்வெண்ணில் எவ்வளவு பிரகாசமான விளக்கை எவ்வளவு நேரம் காட்டினாலும் எலக்ட்ரான் வராது.

நிறுத்து மின்னழுத்தத்தின் பொருளை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பின்னால் வரும் எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. வெளியேறும் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே வேகத்தில் வருவதில்லை. உலோகத்தின் உள்ளே ஆழத்திலிருந்து வருபவை வழியில் ஆற்றலை இழந்து மெதுவாக வரும். மேற்பரப்பிலிருந்து நேராகக் கிளம்புபவை வேகமாக வரும். எதிர்முனையில் எதிர் மின்னழுத்தம் கொடுப்பது வேலியை உயர்த்துவது போன்றது. உயர்த்த உயர்த்த, மெதுவானவை முதலில் திரும்பிப் போகும். கடைசியாக மிக வேகமானதும் தாண்ட முடியாமல் திரும்புகிறது, மின்னோட்டம் சுழியாகிறது. அந்த வேலியின் உயரமே V₀. ஆகவே V₀ சொல்வது சராசரி எலக்ட்ரானின் ஆற்றலை அல்ல, மிக வேகமான எலக்ட்ரானின் ஆற்றலை:

eV₀ = K_max = hf − φ

இதை e-ஆல் வகுத்தால்

V₀ = (h/e) f − φ/e

நேர்கோட்டின் சமன்பாடு இது. சாய்வு h/e. எந்த உலோகமானாலும் சாய்வு இதுதான்; உலோகத்துக்கு உலோகம் மாறுவது φ மட்டுமே.

(ஆ) சாய்வு. நீ எடுத்த இரு புள்ளிகள் (5.6, 0), (6.0, 0.2). உனக்குக் கிடைத்த h = 8.0 × 10⁻³⁴. பக்கத்தில் ‘சோதனைப் பிழை’ என்று எழுதி விட்டுவிட்டாய். பிழை சோதனையில் இல்லை. புள்ளியைத் தேர்ந்ததில் இருக்கிறது. 6.0-க்கு நேரே கோடு எங்கே போகிறது என்று பெரிதாக்கிப் பார். 0.1-க்கும் 0.2-க்கும் இடையில், 0.17-ஐ ஒட்டிப் போகிறது. நீ மேலே தள்ளி 0.2 என்று எடுத்தாய். சிறு கட்டத்தில் மூன்றில் ஒரு பங்குப் பிசகு விடையை ஐந்தில் ஒரு பங்கு மாற்றிவிட்டது, காரணம் அந்த இரு புள்ளிகளும் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன. தொலைவில் உள்ள புள்ளியை எடு. அதுவும் கட்டக்கோடுகள் சரியாகச் சந்திக்கும் இடமாக இருந்தால் ஊகத்துக்கே வேலையில்லை. அப்படி ஒன்று இருக்கிறது: f = 11.4, V₀ = 2.4.

சாய்வு = (2.4 − 0) / [(11.4 − 5.6) × 10¹⁴]
= 2.4 / (5.8 × 10¹⁴)
= 4.14 × 10⁻¹⁵ V s

h = 4.14 × 10⁻¹⁵ × 1.6 × 10⁻¹⁹ = 6.62 × 10⁻³⁴ J s

10¹⁴ என்னும் பெருக்கத்தை விட்டுவிடாதே. உன் நிழல் மறைத்தது அதைத்தான். அது இல்லாவிட்டால் சாய்வு 0.41 என்று வரும். அதை வைத்துக்கொண்டு பிளாங்க் மாறிலிக்குப் போகவே முடியாது.

ஐன்ஸ்டீன் 1905-இல் இந்தச் சமன்பாட்டை எழுதியபோது இப்படி ஒரு கோட்டை யாரும் சரியாக அளந்திருக்கவில்லை. மில்லிகன் பல ஆண்டுகள் உழைத்து, 1916-இல் வெளியிட்ட அளவீடுகளில் இதே வரைபடத்திலிருந்து h-ஐக் கண்டார். உலோகப் பரப்பில் படியும் ஆக்சைடு முடிவைக் கெடுத்துவிடும் என்பதால், வெற்றிடக் குழாய்க்கு உள்ளேயே கத்தி வைத்து சோடியத்தைச் சீவிச் சீவி அளந்தார். இத்தனைக்கும் ஒளி துகளாக வருகிறது என்பதை அப்போது அவர் ஏற்கவில்லை. நம்பாத ஒருவர் அளந்தும் கோடு நேராகவே வந்தது.

(இ) இங்கேதான் நீ வழுக்கியிருக்கிறாய். பென்சிலால் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டி, இடது ஓரத்தில் உள்ள நெட்டச்சை −0.66-இல் வெட்டச் செய்து, φ = 0.66 எலக்ட்ரான் வோல்ட் என்று எழுதியிருக்கிறாய். நீட்டியது துல்லியமாகவே இருக்கிறது. வெட்டுத்துண்டு −φ/e என்பதும் சரி. ஆனால் அது f = 0 இருக்கும் இடத்தில் கிடைக்கும் வெட்டுத்துண்டு. உன் வரைபடத்தின் இடது ஓரத்தில் இருப்பது 0 அல்ல, 4. அச்சு வரையப்பட்ட இடத்தையெல்லாம் ஆதிப்புள்ளி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. வினா அமைப்பவர்களுக்கும் அது தெரியும். வேண்டுமென்றேதான் 4-இல் தொடங்குகிறார்கள்.

நேர்வழி, பயன்தொடக்க அதிர்வெண்ணைப் பயன்படுத்துவது:

φ = h f₀ = 6.62 × 10⁻³⁴ × 5.6 × 10¹⁴ = 3.71 × 10⁻¹⁹ J
= 2.32 eV

உன் பென்சில் கோட்டையும் வீணாக்க வேண்டாம். 4-இலிருந்து 0-க்குப் போக இன்னும் நான்கு பெரிய கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் கோடு 0.414 வோல்ட் இறங்கும், மொத்தம் 1.66. நீ கண்ட 0.66-உடன் கூட்டினால் 2.32. அதே விடை.

0.66 என்று வந்தபோதே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் பேர்போன சீசியத்துக்கே வெளியேற்று ஆற்றல் 2 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டித்தான் இருக்கும். 0.66 உள்ள உலோகம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கே எலக்ட்ரானைக் கொட்டிவிடும்.

(ஈ) 300 நானோமீட்டரை முதலில் அதிர்வெண்ணாக மாற்று:

f = c/λ = (3 × 10⁸) / (300 × 10⁻⁹) = 10 × 10¹⁴ Hz

பயன்தொடக்க அதிர்வெண்ணைவிட அதிகம், எலக்ட்ரான் வரும். இந்தச் சரிபார்ப்பைத் தாவிவிடாதே. 600 நானோமீட்டர் என்று கேட்டிருந்தால் f = 5 × 10¹⁴, சூத்திரம் −0.25 வோல்ட் என்று ஒரு விடையைத் துப்பும். எழுத வேண்டியதோ ‘எலக்ட்ரான் வெளிவராது’ என்பதுதான்.

V₀ = 4.14 × 10⁻¹⁵ × (10 − 5.6) × 10¹⁴ = 1.82 V

வரைபடத்தில் 10-க்கு நேரே பார்த்தால் கோடு 1.8-ஐ ஒட்டிப் போகிறது, பொருந்துகிறது. ஆகவே

K_max = 1.82 eV = 1.82 × 1.6 × 10⁻¹⁹ = 2.91 × 10⁻¹⁹ J

வேகத்துக்குப் போகும்போது ஆற்றல் ஜூலில்தான் இருக்க வேண்டும். நீ ½mv² என்பதில் 1.82-ஐ அப்படியே போட்டதால்தான் ஒளியைவிட வேகமான எலக்ட்ரான் கிடைத்தது.

v = √(2K/m) = √(2 × 2.91 × 10⁻¹⁹ / 9.11 × 10⁻³¹)
= 8.0 × 10⁵ m/s

ஒளியின் வேகத்தில் முந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே ½mv² போதும், சார்பியல் திருத்தம் தேவையில்லை.

(உ) செறிவை இரு மடங்காக்கினால் ஒரு நொடியில் வந்து விழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை இரு மடங்காகும். தெவிட்டு மின்னோட்டமும் இரு மடங்காகும். ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் பழையபடி hf தான். ஆகவே V₀, K_max, வேகம் எதுவும் மாறாது. இரண்டு வரி போதும். நீ அரைப்பக்கம் எழுதியிருக்கிறாய்.

(ஊ) புதிய உலோகத்தின் பயன்தொடக்க அதிர்வெண்:

f₀ = 3.2 / (4.14 × 10⁻¹⁵) = 7.7 × 10¹⁴ Hz

7.6-க்கும் 7.8-க்கும் நடுவே கிடையச்சில் ஒரு புள்ளி வை. அங்கிருந்து பழைய கோட்டுக்கு இணையாக வரை. உன் கோடு பழையதைவிடச் செங்குத்தாக ஏறி, மேலே அதனுடன் போய்ச் சேர்கிறது. சேரவே கூடாது; சேர்ந்தால் இரண்டு உலோகங்களுக்கும் இரண்டு பிளாங்க் மாறிலி என்று ஆகிவிடும். சரிபார்க்க, 11.4-க்கு நேரே புதிய கோடு ஏறத்தாழ 1.5 வோல்ட்டில் இருக்க வேண்டும். அச்சுக்குக் கீழே உள்ள பகுதியைப் புள்ளிக்கோடாக மட்டும் போடு. அங்கே அளந்து பெற்ற புள்ளி எதுவும் கிடையாது.

அடுத்த கணக்கு படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. அச்சுகளின் எண்கள் முழுவதும் தெரியும்படி, விரலை விலக்கிப் பிடித்து, மறுபடி எடுத்து அனுப்பு.