சிம்மக்கல் மாடி அறை

நாலு பேர், மூன்று பாய், ஒரு மின்விசிறி.
அதுவும் மூன்றில் வைத்தால்தான் சுற்றும்.

பரமக்குடி அண்ணனுக்கு
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கணக்கு வேலை.
இரவு ஷிப்ட் முடிந்து நான் வரும்போது
அவர் எழுந்து கிளம்புவார்.
அந்தச் சூடு ஆறுவதற்குள் அதே பாயில் சாய்வேன்.
தலையணையெல்லாம் மல்லிகை வாசம்.
(கல்யாணம் ஆகாதவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.)

சிவகாசிக்காரர் வாய் திறக்க மாட்டார்,
குறட்டையில் மட்டும் ஊர்க்கதை முழுக்கச் சொல்வார்.

நாலாமவன் பெயர் இரண்டு மாதமாகத் தெரியாது.
வாளியில், தட்டில், சீப்பில்
அவன் வைத்த சிவப்பு நெயில்பாலிஷ் பொட்டுதான் தெரியும்.
என் சோப்பு சீக்கிரம் கரைகிறது.
கேட்கவில்லை.
அவன் எண்ணெயில்தானே நான் தலை வாருகிறேன், சரி.

காய்ச்சல் கொதித்த ராத்திரி
யாரோ நெற்றியில் ஈரத்துண்டு போட்டார்கள்.
யாரோ கீழே இறங்கி இட்லி வாங்கி வந்தார்கள்.
மணி இரண்டு.
மதுரை, அதனால் கிடைத்தது.

விடிந்து கண் திறந்தால்
அறையில் ஒருவரும் இல்லை.
பாய்கள் சுருண்டு மூலையில்.
ஜன்னல் திட்டில் ஒரு பிளாஸ்க்,
உள்ளே பாதி சுக்குக்காபி,
மூடியில்
சிவப்புப் பொட்டு.