பதினான்கு மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு

இந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வாயின் இடது ஓரம் வலது ஓரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பதும், இடது கண் சிரிப்பில் முழுவதுமாகச் சுருங்காமல் கொஞ்சம் அகலமாகவே திறந்திருப்பதும் உற்றுப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அவை தெரியாதபடி முகத்தைத் திருப்பி எடுத்த படங்களும் இருக்கின்றன. ஆனாலும் நேராகப் பார்த்துச் சிரித்த இந்தப் படத்தையே உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் இது எனக்குத் திரும்பக் கிடைத்த சிரிப்பு, அதைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும்.

நான் திடீரென்று காணாமல் போனதற்கான காரணம் பலருக்கு இன்னும் தெரியாது. பதினான்கு மாதங்களுக்கு முன் வந்த ஒரு சாதாரண வயிற்றுப்போக்கு நான்கே நாளில் சரியாகிவிட்டது. அதை மறந்தும்விட்ட பிறகு, இரண்டு வாரம் கழித்து இரண்டு பாதங்களும் மரத்துப்போயின. நின்றுகொண்டே பாடம் நடத்துகிற அசதி என்று முதலில் பார்த்த மருத்துவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். மறுநாள் படியேற முடியவில்லை, அதற்கடுத்த நாள் கையில் இருந்த குவளை நழுவியது, நான்காம் நாள் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் உதட்டோரம் வழிந்தது. முதுகுத்தண்டு நீரையும் நரம்புகளின் மின்னோட்டத்தையும் சோதித்த பின் நோயின் பெயரைச் சொன்னார்கள்: கில்லான்-பாரே நோய். கிருமியை எதிர்க்க எழும் நோயெதிர்ப்பாற்றல் ஆளை மாற்றிக்கொண்டு, நம்முடைய நரம்புகளின் மேலுறையையே தாக்குவதால் வருவது அது. ஓராண்டில் லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் அரிய நோய். இரண்டு கால்களிலும் ஒருசேரத் தொடங்கும் மரத்துப்போதலும் பலவீனமும் நாளுக்கு நாள் மேலே ஏறினால், அதை அசதி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள் என்பதை மட்டும் இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

மருத்துவமனையில் மொத்தம் 97 நாட்கள் இருந்தேன். அவற்றில் 46 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில், அதிலும் 31 நாட்கள் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்ததால் குரல் இல்லை, முகத்தின் இரு பக்கங்களும் செயலிழந்ததால் இமைகள் மூடவில்லை, உதடு அசையவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் நினைவற்றுக் கிடப்பதுபோல் தோன்றியிருக்கும். ஆனால் இந்த நோய் அறிவைத் தொடுவதில்லை. எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது, எல்லாம் வலித்தது.

இதைத் தெரிந்து நடந்துகொண்ட ஒரு செவிலியருக்குத்தான் என் முதல் நன்றி. இரவுப் பணிக்கு வருபவர் அவர். குழாயிலிருந்து சளியை உறிஞ்சுவதற்கு முன்பும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னைப் புரட்டிப் படுக்கவைப்பதற்கு முன்பும், வறண்டுபோகாமல் இருக்கக் கண்ணில் மருந்திட்டு இமைகளைச் சேர்த்து ஒட்டுவதற்கு முன்பும், என்ன செய்யப் போகிறார் என்பதை என் பெயரைச் சொல்லி அழைத்து முதலில் சொல்வார். பதில் சொல்ல முடியாத ஒருத்தியிடம் ஒவ்வோர் இரவும் அனுமதி கேட்டவர் அவர். கண்ணை ஒட்டியதும் இருட்டாகிவிடும் அந்த நேரம்தான் எனக்கு மிகவும் பயமானது, அதை நான் சொல்லாமலே உணர்ந்து, சில நிமிடங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் அடுத்த படுக்கைக்குப் போவார். அந்தக் கையின் சூடு எனக்குத் தெரிந்தது என்று அவரிடம் பின்னாளில் நேரில் சொல்லிவிட்டேன், ஆனாலும் ஒருமுறை சொன்னது போதவில்லை.

அடுத்தது என் கணவர். கண்மணிகளை மேலும் கீழும் அசைக்க மட்டும் முடிந்தது என்பதை மூன்றாம் நாளே கவனித்தவர் அவர்தான். மேலே பார்த்தால் ஆம், கீழே பார்த்தால் இல்லை என்று வைத்துக்கொண்டோம். கேள்விக்குப் பதில் சொல்ல அது போதுமானதாக இருந்தாலும், யாரும் கேட்காத ஒன்றைச் சொல்ல அதில் வழியில்லை. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் ஓர் அட்டையில் எழுதினால் தேடுவதற்கே பொழுது போய்விடும் என்று யோசித்து, பதினெட்டு மெய்களை மேல் வரிசையிலும் பன்னிரண்டு உயிர்களைக் கீழ் வரிசையிலும் எழுதிக்கொண்டு வந்தார். முதலில் மெய்யின் மேல் விரலை நகர்த்துவார், நான் கண்ணை உயர்த்தும் இடத்தில் நிறுத்துவார், பிறகு உயிர் வரிசைக்கு வருவார். பன்னிரண்டு நாட்கள் மௌனத்துக்குப் பிறகு நான் சொன்ன முதல் சொல் "முதுகு". ம், உ, த், உ, க், உ. மூன்று எழுத்துக்கு ஆறு பார்வை. அவர் உடனே எழுந்து, துணைக்கு ஒருவரை அழைத்து, என்னைப் புரட்டி, முதுகுக்கடியில் சுருண்டிருந்த துணியை நீவி எடுத்தார். அன்று அவர் அழுததை நான் பார்த்தேன். அந்த அட்டை இப்போது எங்கள் வீட்டில் சட்டமிடப்பட்டுச் சுவரில் இருக்கிறது, விரல் அதிகம் பட்ட இடங்களில் மை மங்கியிருக்கிறது.

பெயர் தெரியாதவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். என் நோயைத் தடுத்து நிறுத்த ஐந்து நாட்கள் நரம்பு வழியே ஏற்றப்பட்ட இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை எந்த ஆலையும் மூலப்பொருள்களைக் கலந்து உருவாக்கிவிட முடியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் தானமாகக் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவை ஒன்றுசேர்த்து, அதிலிருந்து பிரித்தெடுப்பது அது. எங்கோ ஒரு நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, தம் வேலையைப் பார்க்கப் போன அந்த மனிதர்களில் ஒருவருக்கும் என் முகம் தெரியாது. உங்களில் யாரேனும் ரத்தமோ பிளாஸ்மாவோ கொடுத்தவராக இருந்தால், இந்தச் சிரிப்பில் உங்களுக்குப் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1916-இல் இந்த நோயை இரண்டு படைவீரர்களிடம் கண்டு விவரித்து எழுதிய பிரெஞ்சு மருத்துவர்கள் மூவர்: கில்லான், பாரே, ஸ்ட்ரோல். நோயின் பெயரில் மூன்றாமவர் விடுபட்டுப் போனார். அதைப் படித்த நாளிலிருந்து, அவரையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

இயன்முறை மருத்துவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல என்னால் முடியாது. என்னைப் பலகையோடு சேர்த்துக் கட்டிச் சிறிது சிறிதாக நிமிர்த்தி, தரையில் பாதம் படும்படி முதன்முதலில் நிற்கவைத்தவர் அவர். ஐந்தாம் மாதம் வரை சக்கர நாற்காலி, ஒன்பதாம் மாதம் வரை வாக்கர், இப்போது நெடுந்தூரம் நடந்தால் மட்டும் ஒரு கைத்தடி என்று என்னைக் கொண்டுவந்திருக்கிறார். அறுந்த நரம்பிழை மீண்டும் வளர்வது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் என்று அவர் சொன்னதைக் கேட்ட என் மகள், தன்னுடைய 30 சென்டிமீட்டர் அளவுகோலை என் முழங்காலிலிருந்து கீழ்நோக்கி வைத்துப் பார்த்துவிட்டு, இதற்கு முந்நூறு நாள் ஆகும் அம்மா என்றாள். எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள், எனக்குக் கணக்காகக் கிடைத்த ஆறுதல் அந்த ஒன்பது வயதுக் குழந்தை சொன்னதுதான். மாதா மாதம் அளவுகோலில் விரலை நகர்த்தி, இப்போது இங்கே வந்திருக்கும் என்று காட்டுவாள்.

ஆனால் அவளுக்கு நான் ஒரு துயரமும் கொடுத்திருக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பொது வார்டுக்கு மாற்றிய பிறகுதான் அவளை உள்ளே விட்டார்கள். ஏழு வாரம் கழித்து என்னைப் பார்க்க ஓடிவந்தவள் கட்டிலுக்கு இரண்டடி முன்பே நின்றுவிட்டாள். என் மனம் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது, முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "அம்மா, என் மேல் கோபமா?" என்று கேட்டாள். அன்றிரவு என் அம்மா அவளை மடியில் வைத்து, அம்மாவின் முகத்துக்கு உடம்பு சரியில்லை, மனசுக்கு ஒன்றுமில்லை என்று விளக்கியிருக்கிறார். மறுநாள் வந்தபோது அவள் என் வலது கன்னத்தை விரலால் மேலே தூக்கிப் பிடித்து, இப்போது சிரிக்கிறாய் என்றாள்.

அதன் பிறகு கண்ணாடி முன் உட்கார்ந்து செய்யும் முகப்பயிற்சிகளை நாங்கள் இருவரும் சேர்ந்தே செய்தோம். புருவத்தை உயர்த்துவது, மூக்கைச் சுருக்குவது, கன்னத்தை உப்பவைப்பது, உதட்டைக் குவிப்பது என ஒரு நாளில் மூன்று வேளை, ஒவ்வொன்றும் பத்து முறை. அவள் முகத்தில் எல்லாம் நடக்கும், என் முகத்தில் எதுவும் நடக்காது, ஆனாலும் இருவரும் எண்ணுவோம். நான்காம் மாதத்தின் முடிவில் வலது உதட்டோரம் நூலளவு நகர்ந்ததை அவள்தான் முதலில் பார்த்துக் கத்தினாள்.

இந்த மாதங்கள் முழுவதும் தன் வேலையை விட்டு வந்து வீட்டைத் தாங்கிய என் தங்கைக்கும், என் வகுப்புகளைக் கேட்காமலே தம்முள் பங்கிட்டுக்கொண்ட சக ஆசிரியர்களுக்கும், நான் பதில் போடாதபோதும் வாரந்தோறும் குரல் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்த தோழிக்கும் என் நன்றி. அந்தச் செய்திகளை என் கணவர் என் காதருகே ஒலிக்கவிட்டார், ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. இன்னும் முழுமையாகக் குணமாகவில்லை. மாலையானால் கால்கள் கனக்கின்றன, விரல்நுனிகளில் எரிச்சல் இருக்கிறது, இரவில் இடது கண்ணுக்கு மருந்து தேவைப்படுகிறது. அடுத்த மாதம் அரைநாள் பணிக்குத் திரும்புகிறேன்.

படத்தை எடுத்தவள் என் மகள். பதினேழு முறை எடுத்தாள், ஒவ்வொரு முறையும் தானும் சிரித்துக் காட்டிக்கொண்டே எடுத்தாள். வலது மூலையில் மங்கலாகத் தெரிவது அவளுடைய விரல்.