தேனாறு: கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி. ஆய்வறிக்கை

டி.ஓ. என்பது நீரில் கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி. என்பது நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்கப் பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன். காரைக்குடிப் பக்கம் சாக்கடை கலக்கும் இடத்துக்கு மேலே ஆற்றில் டி.ஓ. 6.4, பி.ஓ.டி. 4 (எல்லாம் மி.கி./லி.), ஓட்டம் நொடிக்கு 0.20 கன மீட்டர். சாக்கடையில் டி.ஓ. 0.4, பி.ஓ.டி. 164, ஓட்டம் 0.05. பி.ஓ.டி. 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்த்தது.

கலந்தபின் கணக்கு:

பி.ஓ.டி. = (0.20×4 + 0.05×164) / 0.25 = 36
டி.ஓ. = (0.20×6.4 + 0.05×0.4) / 0.25 = 5.2

கலந்த இடத்தில் டி.ஓ. பார்க்க ஓரளவு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை மட்டும் பார்த்து ஆறு பரவாயில்லை என்று சொல்லிவிடக் கூடாது, ஏனென்றால் பாக்டீரியா அழுக்கைத் தின்று ஆக்சிஜனை இழுக்க நேரம் பிடிக்கும். 2 கி.மீ. கீழே டி.ஓ. 1.6, பி.ஓ.டி. 27. நீர் நொடிக்கு 0.1 மீட்டர் போனால் இது 0.23 நாள் பயணம்.

பி.ஓ.டி. குறையும் வேகம் k = ln(36/27) / 0.23 = 1.25 / நாள்

சிதைவு மட்டும் என்றால் இது ரொம்ப அதிகம். திடப்பொருள் அடியில் படிகிறது என்றே படுகிறது. அந்தச் சகதியும் ஆக்சிஜனைக் குடிக்கும். 6 கி.மீ.யில் டி.ஓ. 3.1, பி.ஓ.டி. 19: காற்றிலிருந்து கொஞ்சம் மீள்கிறது, ஆனால் குளிக்கத் தேவையான டி.ஓ. 5, பி.ஓ.டி. 3 என்ற வரம்புக்குக் கிட்டவே இல்லை. மீனுக்கும் கஷ்டம்தான். அடுத்து விடியற்காலையில் மாதிரி எடுக்க வேண்டும், பாசி பகலில் விடும் ஆக்சிஜன் இந்த எண்களை உயர்த்தியிருக்கலாம்.