வீடியோ ஆலோசனைக்கு முன் மூத்தவர்களுக்கு வாசித்துக் காட்டும் சம்மத அறிக்கை

வணக்கம். நான் பேசுவது தெளிவாகக் கேட்கிறதா? கேட்காவிட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்கிறேன்.

நான் பெங்களூரு அல்சூரில் உள்ள நம் கிளினிக்கின் முதியோர் மருத்துவர். என் பெயரும் கர்நாடக மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் திரையின் கீழே இருக்கின்றன. உங்கள் பெயரையும் வயதையும் நீங்களே சொல்லுங்கள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். மகனோ மருமகளோ கூட இருப்பது நல்லதுதான். ஆனால் உடம்பு உங்களுடையது, அதனால் பதில் முதலில் உங்களிடமிருந்து வரட்டும். அவர்கள் முன்னால் சொல்லத் தயங்கும் விஷயம் இருந்தால், "தனியாகப் பேச வேண்டும்" என்றால் போதும், அவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்கிறேன்.

வீடியோவில் என்னால் உங்கள் முகத்தையும் நடையையும் காலில் உள்ள வீக்கத்தையும் பார்க்க முடியும். நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்கவோ வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்க்கவோ முடியாது. அதனால் சில நேரம் "நேரில் வாருங்கள்" என்பேன். வயதானவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே, வெறும் மூச்சிரைப்பாகவோ களைப்பாகவோ வரக்கூடும். சந்தேகம் இருந்தால் திரையை நம்பி நான் முடிவெடுக்க மாட்டேன்.

இது அவசர சிகிச்சைக்கான வழி இல்லை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் ஒரு பக்கம் கோணுவது, கை கால் திடீரென்று விழுந்துபோவது, பேச்சுக் குழறுவது, கீழே விழுந்து தலையில் அடிபடுவது, இதில் எது வந்தாலும் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தலையில் சின்ன அடி பட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படிதான் மருந்து எழுதுவேன். போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளை, அதாவது சில தூக்க மாத்திரைகளையும் டிராமடால் போன்ற வலி மாத்திரைகளையும், இந்த வழியில் எழுத மாட்டேன். பழக்கமான மாத்திரை என்றாலும் அதற்கு நேரில் வர வேண்டும். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கேமராவில் காட்டுங்கள், நாட்டு மருந்து இருந்தால் அதையும் சேர்த்து. மறைத்தால் பாதிப்பு உங்களுக்குத்தான்.

இந்த உரையாடலை நாங்கள் பதிவு செய்வதில்லை. உங்கள் வீட்டிலும் யாரும் பதிவு செய்ய வேண்டாம். நோய்க் குறிப்பும் மருந்துச் சீட்டும் எங்கள் கோப்பில் இருக்கும். உங்கள் சம்மதம் இல்லாமல் வேறு யாருக்கும், பிள்ளைகளுக்கும்கூட, தரமாட்டோம்.

பிடிக்காவிட்டால் நடுவிலேயே நிறுத்தலாம், அதனால் நான் வருத்தப்பட மாட்டேன். லைன் போய்விட்டால் இதே எண்ணில் நானே கூப்பிடுவேன்.

சொன்னது புரிந்ததா? சந்தேகம் இருந்தால் இப்போதே கேளுங்கள். சரி என்றால், "எனக்குச் சம்மதம்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.