நவம்பர் 2025 மாதக் கணக்கு முடிப்பு: பணி வரிசையும் கடைசி நேரங்களும்

திருப்பூர் ஆலை, கணக்குப் பிரிவு. 24-11-2025.
பெறுநர்: கணக்கு, ஸ்டோர், ஏற்றுமதி ஆவணம், சம்பளப் பிரிவினர்.

நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை என்பதால், இம்மாதக் கணக்கு முடிப்பு சனிக்கிழமை மாலையே தொடங்குகிறது. ஒவ்வொரு பணிக்கும் ஒருவரே பொறுப்பு. அவர் விடுப்பில் இருந்தால், யார் அந்தப் பணியைப் பார்ப்பார் என்பதை 27ஆம் தேதிக்குள் எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முந்தைய பணி முடிந்ததாகக் கையொப்பமிடாத நிலையில் அடுத்த பணியைத் தொடங்கக் கூடாது.

சனி, நவம்பர் 29

மாலை 5 மணிக்குப் பின் வரும் நூல், துணி, பட்டன், அட்டைப்பெட்டி எதற்கும் ஸ்டோர் பொறுப்பாளர் வரவுச் சீட்டு போடக் கூடாது. வண்டி வாயிலில் நின்றாலும் அது டிசம்பர் வரவே. காசாளர் 6 மணிக்குச் சில்லறைப் பணத்தை எண்ணி, நோட்டு வாரியாக எழுதிக் கையொப்பமிடுவார். வாரக் கூலிப் பட்டியலைச் சம்பளப் பிரிவு எழுத்தர் இரவு 8 மணிக்குள் டேலியில் பதிவு செய்வார். வாரமும் சனியோடு முடிந்துவிடுவதால் இம்முறை கூலிக்குத் தனி ஒதுக்கீடு தேவையில்லை.

ஞாயிறு, நவம்பர் 30

இயந்திரங்கள் ஓடாத நேரமாதலால் காலை 8 முதல் மதியம் 1 மணிவரை இருப்புக் கணக்கெடுப்பு நடைபெறும். எண்ணுபவர் ஸ்டோர் ஊழியர், சரிபார்ப்பவர் கணக்குப் பிரிவு உதவியாளர். இருவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

வெளியில் இருக்கும் சரக்கே பெரிய சிக்கல். நிட்டிங் ஆலைகளில் உள்ள நூலுக்கும் சாயப்பட்டறைகளில் உள்ள கோரா துணிக்கும் ஸ்டோர் பொறுப்பாளர் டெலிவரி சலான் வாரியாக நிலுவைப் பட்டியல் எடுத்து, அந்தந்தப் பட்டறையின் ஒப்புதலை மின்னஞ்சலில் பெற்று, திங்கள் காலை 11 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். தொலைபேசியில் "சரிங்க" என்று சொன்னது ஒப்புதல் ஆகாது. சேதார அளவையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்: 1,000 கிலோ கோரா அனுப்பி 940 கிலோ திரும்பியிருந்து, ஒப்புக்கொண்ட சேதாரம் 5 சதவீதம் என்றால், மிகையான 10 கிலோவுக்கு டெபிட் நோட்டு போட்ட பிறகே அந்தப் பட்டறையின் பில்லை ஏற்க வேண்டும்.

திங்கள், டிசம்பர் 1

ஏற்றுமதி ஆவணப் பொறுப்பாளர் நண்பகல் 12 மணிக்குள் நவம்பர் இன்வாய்ஸ் ஒவ்வொன்றையும் பில் ஆஃப் லேடிங் தேதியோடு ஒப்பிட்டுப் பட்டியல் தருவார். நமது ஒப்பந்தங்கள் எஃப்ஓபி அடிப்படையிலானவை. ஆகவே 28ஆம் தேதி இன்வாய்ஸ் போட்டிருந்தாலும், தூத்துக்குடியில் டிசம்பர் 2 அன்றுதான் சரக்கு கப்பலேறுகிறது என்றால், அது புத்தகத்தில் டிசம்பர் விற்பனை. ஜிஎஸ்டிஆர்-1 படிவத்திலோ இன்வாய்ஸ் தேதிப்படி நவம்பரில் வரும். இந்த வேறுபாட்டைக் காட்டும் ஒப்பீட்டு அறிக்கை இல்லாமல் வரிப் பொறுப்பாளர் படிவத்தைத் தயாரிக்கத் தொடங்கக் கூடாது.

கொள்முதல் பில்களின் பதிவு மாலை 4 மணியோடு முடியும். பொறுப்பு முதுநிலைக் கணக்கர்.

செவ்வாய், டிசம்பர் 2

வங்கி ஒப்பீட்டைக் காசாளர் காலை 11 மணிக்குள் முடிப்பார். அதன் பின் முதுநிலைக் கணக்கர், சரக்கு வந்தும் பில் வராதவற்றுக்கு, சலான் அளவை ஒப்பந்த விலையால் பெருக்கி ஒதுக்கீட்டுப் பதிவு போடுவார். சாயக்கூலி இதில்தான் அதிகம் விடுபடுகிறது. மின்கட்டணம், மாதச் சம்பளம், போனஸ் ஒதுக்கீடு, தேய்மானம் ஆகியவற்றுக்கும் மதியம் 3 மணியே எல்லை. ஒதுக்கீடுகள் டிசம்பர் 1 தேதியிட்டு மறுபதிவால் நீக்கப்பட வேண்டும். இல்லையேல், பில் வரும்போது அதே செலவு இரண்டு முறை ஏறும்.

டாலர், யூரோ நிலுவைகளை மாத இறுதி மாற்று விகிதத்தில் மறுமதிப்பிடுவது ஏற்றுமதிக் கணக்கரின் பணி. 30 ஞாயிறு என்பதால், வெள்ளி 28ஆம் தேதி வெளியான குறிப்பு விகிதத்தையே எடுத்துக்கொள்ளவும்.

புதன், டிசம்பர் 3

காலை 11 மணிக்கு இருப்பாய்வுப் பட்டியல் என் மேசைக்கு வர வேண்டும். முந்தைய மாதத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடிய அல்லது குறைந்த ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு வரி விளக்கம் இணைக்கப்பட வேண்டும். "வழக்கமானது" என்பது விளக்கமல்ல. மாலை 5 மணிக்கு நவம்பர் பதிவுகளைத் திருத்தும் உரிமை டேலியில் நிறுத்தப்படும். அதன் பின் திருத்தம் வேண்டுமெனில் என் எழுத்து அனுமதி தேவை. திருத்தப் பதிவேட்டில் யார், எப்போது மாற்றினார் என்பது இருக்கும் என்பதையும், தணிக்கையாளர் அதைப் பார்ப்பார் என்பதையும் நினைவில் கொள்ளவும். இலாப நட்ட அறிக்கையை வியாழன் மாலை 4 மணிக்குள் நிர்வாக இயக்குநருக்கு நான் அனுப்புவேன்.

வரி மற்றும் சட்டக் கெடுக்கள் (பொறுப்பு: வரிப் பொறுப்பாளர்)

டிடிஎஸ் செலுத்தும் கெடுவான டிசம்பர் 7 ஞாயிறாக இருப்பதால் 5ஆம் தேதி மதியம் 2 மணிக்குள் செலுத்தப்பட வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11. நாம் 10ஆம் தேதி மாலை 5 மணிக்குத் தாக்கல் செய்வோம். வருங்கால வைப்புநிதியும் இஎஸ்ஐயும் 15க்குப் பதில் 12 அன்றே செலுத்தப்படும். இதற்கான பட்டியலைச் சம்பளப் பிரிவு எழுத்தர் 10ஆம் தேதிக்குள் தருவார். 14ஆம் தேதி வெளியாகும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையைக் கொள்முதல் பேரேட்டோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்காகப் பட்டறைகளை அழைக்க 16ஆம் தேதி மாலை வரை நேரம் உண்டு. ஜிஎஸ்டிஆர்-3பி படிவம் 20ஆம் தேதிக்குக் காத்திராமல் 18ஆம் தேதி மதியம் 3 மணிக்குள் தாக்கல் செய்யப்படும், ஏனெனில் கடைசி நாளில் தளம் திணறுவது நமக்குப் புதிதல்ல.

– கணக்குப் பிரிவு மேலாளர்