அரிசிம்பருப்பு சமாதானம்

ஏனுங்க, இன்னும் கோவமாங்க? அரிசிம்பருப்பும் சாம்பார் சாதமும் ஒண்ணுதானேன்னு நேத்துச் சீண்டுனது தப்புங்க. நீங்க பொறுமையா விளக்கும்போது சிரிக்கிற பொம்மை அனுப்புனது அதைவிடத் தப்பு. மன்னிச்சுக்கோங்க.

இன்னைக்கு நீங்க சொன்னபடியே வெச்சேனுங்க: ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, மூணு டம்ளர் தண்ணி, சின்ன வெங்காயம் பத்து, தட்டுன பூண்டு, சீரகம், மிளகு. புளியே இல்லீங்க, அப்பறம் எங்கிருந்து சாம்பார்! நெய் விட்டதும் வீடே மணக்குது. அடியில மட்டும் லேசாப் பிடிச்சிருச்சு. தண்ணி பத்தலையா, தீ அதிகமா? நீங்கதான் சொல்லோணும்.

ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு ரேஸ்கோர்ஸ்ல ஒரு சுத்து நடக்கலாமுங்களா? இப்போதைக்கு ஒரு "ம்" போட்டாலும் போதுமுங்க.